துவைக்க முடியாத மெத்தை

ஓட்டல் அறையில் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் விருந்தினர் மாறும்போதெல்லாம் லாண்டரிக்குப் போய்த் திரும்புகின்றன. திரைச்சீலையைக்கூடக் கழற்றித் துவைத்துவிடலாம். மெத்தையைத் துவைக்க முடியாது. வாங்கிப் போட்ட நாளிலிருந்து ஏழெட்டு ஆண்டுகள் அது அதே கட்டிலில் கிடக்கிறது. படுத்து எழும் ஒவ்வொருவரின் வியர்வையும் எண்ணெயும் உதிர்ந்த தோல் துகள்களும் அதை நோக்கித்தான் இறங்குகின்றன. உள்ளே போய்விட்ட ஈரத்தை வெளியே எடுப்பது கடினம். அதனால் படுக்கை விரிக்கும் முறை, மெத்தையைத் திருப்பிப் போடும் வழக்கம், அறையை முழுதாகக் கழுவித் துடைக்கும் சுற்று ஆகிய மூன்றும் மெத்தையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

விருந்தினர் அறையைக் காலி செய்ததும் முதலில் படுக்கையைக் கலைக்க வேண்டும். துணிகளை ஒன்றாகச் சுருட்டி எடுப்பது வேகமான வழிதான்; ஆனால் அதில் கைபேசி, கம்மல், மூக்குக்கண்ணாடி போன்றவையும் சுருண்டு லாண்டரிக்குப் போய்விடும். ஒவ்வொரு விரிப்பாக எடுத்தால் கறை எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்பதும் தெரியும். எடுத்த துணியை உதறக் கூடாது, உதறினால் தூசு அறை முழுவதும் பரவும். தரையிலும் போடக் கூடாது. நேராக அழுக்குப் பைக்குள் போக வேண்டும். பிறகு சன்னலைத் திறந்து, குப்பையை அள்ளி, குளியலறைத் தொட்டியிலும் தரையிலும் மருந்து தெளித்து ஊற விடுவார்கள். அந்தக் கால்மணி நேரம் மெத்தைக்குக் காற்று கிடைக்கிறது. கலைத்த சூட்டோடு புதிய விரிப்பைப் போட்டு மூடினால் இரவின் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகும்.

மெத்தையின் மேல் முதலில் வருவது காப்புறை. மேலே பருத்தித் துணியும் அடியில் நீர் புகாத மெல்லிய படலமும் கொண்ட இந்த உறைதான், கொட்டிய காப்பியையும் குழந்தையின் சிறுநீரையும் மெத்தைக்கு முன்னால் தடுத்து நிறுத்துகிறது. இதற்கு எதிரி உலர்த்தும் எந்திரத்தின் அதிக வெப்பம். வெப்பம் மிகுந்தால் படலம் உரிந்து வெடித்துவிடும். மேலே பார்த்தால் உறை புதிதுபோலவே இருக்கும். ஒரு தேக்கரண்டி நீரை ஊற்றி, அடிப்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஈரம் தட்டினால் அந்த உறை இனி வெறும் துணிதான்.

அடுத்தது விரிப்பு. இரவில் விரிப்பு நழுவுகிறது என்று விருந்தினர் குறை சொன்னால், சரியாகச் சொருகவில்லை என்று ஊழியரைக் கடிந்துகொள்வதே வழக்கம். பெரும்பாலும் தவறு விரிப்பு வாங்கிய இடத்தில் நடந்திருக்கும். 78 அங்குல நீளமும் 8 அங்குலக் கனமும் உள்ள மெத்தைக்கு 108 அங்குல விரிப்பு வாங்குவதாகக் கொள்வோம். மெத்தையின் நீளத்தோடு தலைமாட்டுக் கனமும் கால்மாட்டுக் கனமும் சேர்ந்தால் 94 அங்குலம். மிஞ்சுவது 14, அதாவது இரு பக்கமும் ஏழேழு அங்குலம். பருத்தித் துணி முதல் சில சலவைகளில் சுருங்கும். 5 சதவீதம் சுருங்கினாலே 108 என்பது ஏறத்தாழ 102½ ஆகிவிடும். சொருகுவதற்குப் பக்கத்துக்கு நான்கு அங்குலம்தான் மிஞ்சும். புரண்டு படுப்பவரின் இழுப்புக்கு அது நிற்காது. 114 அங்குலம் வாங்கியிருந்தால் சுருங்கிய பிறகும் 108 இருக்கும். ஊழியர் மேல் பழி போடுமுன் அளவுநாடாவை எடுப்பது நல்லது.

விரிப்பு நழுவாமல் நிற்க மூலை மடிப்பும் முக்கியம். ஊழியர்கள் இதை மைட்டர் மூலை என்கிறார்கள். முதலில் கால்மாட்டில் தொங்கும் துணியை மெத்தைக்கு அடியில் சொருகிவிட வேண்டும். மூலையிலிருந்து ஓர் அடி தள்ளிப் பக்கவாட்டு ஓரத்தைப் பிடித்துத் தூக்கி மெத்தையின் மேல் போட்டால் அது முக்கோணமாக விழும். கீழே தொங்கும் மிச்சத் துணியை உள்ளே தள்ளி, முக்கோணத்தை இறக்கி, அதையும் இறுக்கிச் சொருகினால் மூலையில் 45 பாகைச் சாய்வாக ஒரு மடிப்பு நிற்கும். சும்மா சுருட்டித் திணித்த மூலை ஓர் இரவு தாங்காது.

கம்பளி பற்றித்தான் விருந்தினருக்கு நியாயமான சந்தேகம் இருக்கிறது. கம்பளியை ஒவ்வொரு முறையும் துவைப்பதில்லை என்பது உண்மை. அதற்கான விடை மூன்று விரிப்பு முறை. அடி விரிப்பின் மேல் இரண்டாவது விரிப்பு, அதன் மேல் கம்பளி, கம்பளியின் மேல் மூன்றாவது விரிப்பு. இரண்டாவது விரிப்பைத் தலைமாட்டில் கம்பளிக்கு மேலே மடித்துவிட்டால், எந்தப் பக்கமும் உடம்பு படாமல் கம்பளி நடுவில் அடங்கிவிடும். மூன்று விரிப்புகளும் சலவைக்குப் போகும். கம்பளியை விரிப்பின்றி நேரடியாகப் போர்த்தக் கொடுக்கும் விடுதி, முந்தைய விருந்தினரின் வியர்வையையும் சேர்த்தே கொடுக்கிறது.

நம் ஊர் விடுதிகளில் அடிக்கடி வரும் கறைகளுள் மஞ்சளுக்குத் தனிக் குணம் உண்டு. காரத்தன்மையுள்ள சோப்பு பட்டதும் அது செக்கச்சிவந்துவிடும். அதைக் கண்டு ரத்தக் கறை என்று மிரள்பவர்கள் உண்டு. மஞ்சளின் நிறம் வெயிலில் வெளிறும், ஆகவே துவைத்த விரிப்பை வெயிலில் காயப்போடுவதே எளிய மருந்து. ரத்தத்துக்கு எப்போதும் குளிர்ந்த நீர்தான். சுடுநீர் பட்டால் அதிலுள்ள புரதம் உறைந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். கறை மெத்தை வரை போய்விட்டால் நீரை ஊற்றவே கூடாது. ஈரத்துணியால் ஒற்றி, உலர்துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் முழுதாகக் காயவிட வேண்டும். காயாமல் மூடிய மெத்தையில் இரண்டொரு நாளில் பூஞ்சை வாடை எழும். அதன்பின் எந்த வாசனைத் தெளிப்பானும் உதவாது.

மெத்தையைத் திருப்புவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மனிதர் படுக்கும் இடத்தில் இடுப்புப் பகுதியும், தொலைபேசி இருக்கும் பக்கத்தில் உட்காரும் ஓரமும் சீக்கிரம் அமுங்கும். அமுக்கத்தைப் பரப்பிவிடுவதே திருப்புவதன் நோக்கம். இரு பக்கமும் படுக்கக்கூடிய மெத்தையின் ஒரு பக்கத்தில் ஒரு முனையில் ஜனவரி, எதிர் முனையில் ஜூலை என்றும், மறுபக்கத்தில் அதேபோல ஏப்ரல், அக்டோபர் என்றும் துணிப்பட்டை தைத்துவிடுவார்கள். அந்தந்தக் காலாண்டின் மாதப் பெயர் கால்மாட்டில் மேற்பக்கம் தெரிய வேண்டும். சூப்பர்வைசர் விரிப்பின் ஓரத்தைத் தூக்கினால் போதும், வேலை நடந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். மேல்பக்கம் மட்டும் மெத்தென்று தைத்த மெத்தையைப் புரட்டக் கூடாது. தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினால் போதும். குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பார்க்கும்போது பள்ளம் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டினால் திருப்பிப் பயனில்லை. அப்போதும் புது மெத்தை வாங்குமுன் கட்டிலின் பலகையைப் பார்க்க வேண்டும். பலகை உடைந்திருந்தால் புது மெத்தையும் அதே இடத்தில் பள்ளமாகும்.

மெத்தையை நிமிர்த்தும் நாள்தான் மூட்டைப்பூச்சியைத் தேடவும் ஏற்ற நாள். தையல் விளிம்பு, கைப்பிடிப் பட்டை, தலைப்பலகையின் பின்புறம், கட்டிலின் திருகு ஓட்டைகள் ஆகியவை அதன் வீடு. டார்ச் ஒளியில், பேனா முனையால் வைத்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூச்சியின் எச்சம். உரித்துப் போட்ட வெளிறிய தோல்களும் கூடவே கிடக்கும். பூச்சி இருப்பது உறுதியானால் அந்த மெத்தையைத் தாழ்வாரம் வழியாக இழுத்துச் செல்வதுதான் பெரிய தவறு. வழியெல்லாம் பூச்சி உதிரும். அறையைப் பூட்டி, இருபுறத்து அறைகளையும் மேல், கீழ் அறைகளையும் சோதித்து, துணிகளைக் கட்டிய பையோடு எடுத்துப்போய் 60 பாகை வெந்நீரில் துவைக்க வேண்டும். உணவின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் பூச்சி அது. அறையைச் சில வாரம் பூட்டி வைத்தால் செத்துவிடும் என்று நம்பக் கூடாது.

இந்த வேலைகளெல்லாம் ஒன்றுசேரும் இடம்தான் ஆழ்ந்த சுத்திகரிப்பு. கொடைக்கானலில் 48 அறைகள் உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். வெள்ளி முதல் ஞாயிறு வரை கூட்டம். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஓர் அறையை விற்பனையிலிருந்து எடுத்துவிடும்படி வரவேற்பில் சொல்லிவிடுவார்கள். அந்த அறையில் திரைச்சீலை கழன்று லாண்டரிக்குப் போகும். வேலை மேலிருந்து கீழாக, விட்டத்திலிருந்து தரைக்கு இறங்கும். மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி, குறுகிய மூக்குள்ள வாக்யூமால் தையல்களை உறிஞ்சி, நாள் முழுவதும் காற்றாட விடுவார்கள். மலையின் ஈரக் காற்றில் இதற்கு நேரம் பிடிக்கும் என்பதாலேயே அன்றிரவு அந்த அறையை விற்பதில்லை. வாரம் நான்கு என்றால் 12 வாரத்தில் 48 அறைகள் முடிந்துவிடும். காலாண்டுக்கு 13 வாரம். ஒரு வாரம் தடங்கலுக்கு ஒதுக்கு.

கணக்கு ஏப்ரல், மே மாதங்களில்தான் உடைகிறது. சீசன் எட்டு வாரத்தை விழுங்கிவிட்டால் அந்தக் காலாண்டில் மிஞ்சும் ஐந்து வாரத்தில் 20 அறைகள்தான் முடியும். 28 அறைகள் நிற்கும். ஜூலையில் மறுபடி முதல் அறையிலிருந்து தொடங்கும் விடுதியில், கடைசி அறைகளின் முறை செப்டம்பர் வரை தள்ளிப்போகும். அவை ஆறு மாதம் தொடப்படாமலே கிடக்கும். அறை எண் வரிசையைக் கைவிட்டு, கடைசியாகச் சுத்தம் செய்த தேதியின் வரிசைப்படி போவதே இதற்கு வழி. நின்றுபோன 28 அறைகளும் ஜூலை தொடங்கி முதல் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். மெத்தை திருப்புவதை மட்டும் சீசனிலும் தள்ளிப்போடத் தேவையில்லை. அது இருவர் சேர்ந்து பத்து நிமிடத்தில் செய்கிற வேலை. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் முடித்துவிடலாம்.

விடுதிக்குப் போகிறவர்கள் பெட்டியைக் கட்டிலின் மேல் வைக்காமல் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, விரிப்பின் ஒரு மூலையை உருவிப் பாருங்கள். காப்புறை இருக்கிறதா, தையலோரம் சுத்தமாக இருக்கிறதா என்று கைபேசி வெளிச்சத்தில் தெரிந்துவிடும். கறுப்புப் புள்ளிகள் கண்ணில் பட்டால் வேறு அறை கேளுங்கள். அது பக்கத்து அறையாகவோ நேர் மேல், கீழ் அறையாகவோ இருக்க வேண்டாம்.