நூல் லோடும் நாலு காகிதமும்

திருப்பூரில் பனியன் யூனிட் நடத்தும் தம்பி ஒருவன் போன வாரம் டீக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். "அண்ணா, பேசி வாங்குன ரேட்டு சரியாத்தானுங்க இருக்கு. ஆர்டர் முடிச்சுப் பார்த்தா நூல் செலவு மட்டும் கிலோவுக்கு ஆறு ஏழு ரூபா கூடிடுதுங்க. எங்க போகுதுன்னே தெரியலைங்க" என்றான். நான் ரேட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இண்டென்ட், கொட்டேஷன், பி.ஓ., ஜி.ஆர்.என். என்ற நாலு காகிதத்தையும் எடுத்து வரச் சொன்னேன். இரண்டாவது டீ வருவதற்குள் கொண்டுவந்துவிட்டான்.

முதல் காகிதம் இண்டென்ட். இன்ன நூல், இவ்வளவு, இன்ன தேதிக்குள் வேண்டும் என்று உற்பத்திப் பகுதி எழுதிக் கேட்பது. இதில் ரேட்டுக்கு வேலையில்லை. எவ்வளவு வாங்குகிறோம் என்பதைக் கட்டுப்படுத்துவதுதான் இதன் வேலை. தம்பியின் ஆர்டர் 5,000 டி-ஷர்ட். ஒன்றுக்கு, வெட்டும்போது போகும் கழிவையும் சேர்த்து, 200 கிராம் சாயமிட்ட துணி. ஆக 1,000 கிலோ துணி வேண்டும். நிட்டிங்கிலும் சாயத்திலும் 8 சதவீதம் கழியும் என்பது அவன் அனுபவக் கணக்கு. இங்கே பலரும் ஆயிரத்தோடு எட்டு சதவீதத்தைக் கூட்டி 1,080 என்று எழுதிவிடுகிறார்கள். கழிவு நூலின் எடையில் போவது. அதனால் 1,000-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும். 1,087 கிலோ வருகிறது. கூட்டி எழுதினால் கடைசி 7 கிலோவுக்காக அவசரமாக, கேட்ட விலைக்கு ஓட வேண்டியிருக்கும்.

கையிருப்பைப் பார்த்தோம். அதே கவுண்டில் 187 கிலோ கிடக்கிறது. வேறு லாட் நூலை ஒரே துணியில் கலந்தால் சாயத்துக்குப் பிறகு கோடு கோடாகத் தெரியும். ஆனால் இந்த ஆர்டரில் இரண்டு கலர். சின்ன கலருக்கு இதைத் தனியாக ஓட்டிக்கொள்ளலாம். ஆக, வாங்க வேண்டியது 900 கிலோ. ஸ்டோர்ஸ்காரர் பார்த்து "இருப்பு 187" என்று எழுதிக் கையெழுத்துப் போடாத இண்டென்ட், வாங்கும் பகுதிக்குப் போகவே கூடாது. அந்த ஒரு கையெழுத்து இல்லாமல்தான் கிடங்குகளில் பழைய நூல் சேருகிறது.

அடுத்தது கொட்டேஷன். ஒரு மில் கிலோ 260 ரூபாய், மில்லில் எடுத்துக்கொள்ள வேண்டும், லாரி வாடகை கிலோவுக்கு 3.50 நம் தலையில். இன்னொரு மில் 266, நம் வாசலில் இறக்கித் தரும், ஏழு நாளில் பணம் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி. ஜி.எஸ்.டி. வரவாகத் திரும்பக் கிடைப்பதால் அதை விட்டுவிடலாம். முதலாவது வாசலுக்கு வர 263.50. இரண்டாவது 260.68. ரேட் மட்டும் பார்த்தால் மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது. ஆனால் ஏழாம் நாள் கையில் பணம் இருக்குமா? இல்லையென்றால் இரண்டாவது 266-தான். தம்பி இருக்கும் என்றான், இரண்டாவதையே எடுத்திருந்தான். இதுவரை தவறில்லை.

பி.ஓ.வைப் பார்த்தேன். "30 கோம்டு ஹோசியரி நூல், 900 கிலோ, ரூ.266" என்று ஒரே வரி. தள்ளுபடி போனில் பேசியதோடு சரி. அதைவிடப் பெரிய குறை, எந்த எடை என்று எழுதவில்லை. பருத்தி நூல் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். முழுக்கக் காய்ந்த நூல் 100 கிலோவுக்கு 8.5 கிலோ ஈரம் என்பது வணிகத்தில் ஒப்புக்கொண்ட அளவு. ரீகெய்ன் என்பார்கள். அதற்கு மேல் இருக்கும் ஈரத்துக்கு நாம் கொடுப்பது நூல் விலை, வாங்குவது தண்ணீர். "கோனும் சாக்கும் நீங்கிய நிகர எடை, ரீகெய்ன் 8.5-க்குத் திருத்தியது, ஒரே லாட், ஏழு நாள் தள்ளுபடி 2 சதவீதம்" என்று பி.ஓ.வில் இருந்தால்தான் பிறகு பேச நமக்கு வாய் இருக்கும். எழுதாததை லோடு இறங்கிய பிறகு கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும்.

கடைசிக் காகிதம் ஜி.ஆர்.என்., சரக்கு வரவுச் சீட்டு. அவன் வைத்திருந்த ஒரு வருடக் கட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு சீட்டிலும் எடை, மில் அனுப்பிய டெலிவரி சலானில் இருப்பதோடு கிராம் சுத்தமாகப் பொருந்துகிறது. நிஜமாக எடை போட்டால் அப்படிப் பொருந்தாது. அரைக் கிலோவாவது முன்னே பின்னே வரும். எடை போடாமல் சலானைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஸ்டோர்ஸ்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. கையில் 900 என்று எழுதிய காகிதத்தைக் கொடுத்துவிட்டு எண்ணச் சொன்னால் யாருக்கும் கண்ணில் 900-தான் தெரியும். அதனால்தான் பழைய மில்களில் ஸ்டோர்ஸுக்குப் போகும் பி.ஓ. பிரதியில் அளவுக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்புவார்கள். என்ன நூல், யாரிடமிருந்து என்பது இருக்கும், எவ்வளவு என்பது இருக்காது. எண்ணிக்கை எடை மேடையிலிருந்துதான் வர வேண்டும்.

அன்றே வந்து இறங்கியிருந்த 18 மூட்டைகளையும் எடை போடச் சொன்னேன். நிகரம் 891 கிலோ. பிறகு நாலு மூட்டைகளைப் பிரித்து, பிரித்த கையோடு மாதிரி எடுத்து, காற்றுப் புகாத பாலிதீன் பையில் கட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். திறந்து வைத்தால் ஈரம் மாறிவிடும், சோதனை வீண். கோவை சிட்ரா போன்ற இடங்களில் இதைச் செய்து தருகிறார்கள். ரீகெய்ன் 10 என்று வந்தது. கணக்கு சுலபம். 891-ஐ 1.10-ஆல் வகுத்தால் காய்ந்த நூல் 810 கிலோ. அதை 1.085-ஆல் பெருக்கினால் 879. நாம் 900-க்குப் பணம் கொடுத்தால் 21 கிலோ இல்லை.

900 கிலோவுக்கான 2,34,612 ரூபாயை 879-ஆல் வகுத்துக் காட்டினேன். கிலோ 266.91. கொட்டேஷனில் மாய்ந்து மாய்ந்து மிச்சம் பிடித்தது 2.82. வாசலில் விட்டது 6.23. தம்பி தேடிக்கொண்டிருந்த ஆறு ரூபாய் இதுதான்.

பில் வரும்போது மூன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ரேட்டுக்கு பி.ஓ., அளவுக்கு ஜி.ஆர்.என்., இரண்டுக்கும் பில் ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம். ஜி.ஆர்.என்.னில் "வந்தது", "ஏற்றது" என்று இரண்டு கட்டம் இருப்பது இதற்காகத்தான். ஸ்டாக் கணக்கில் ஏறுவது ஏற்ற அளவு மட்டும். வித்தியாசத்துக்கு டெபிட் நோட் போக வேண்டும், அதுவும் சீக்கிரம். அனுப்பியவர் குறு, சிறு உற்பத்தியாளராக இருந்தால், சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஜி.ஆர்.என். தேதி லோடு இறங்கிய தேதியாக இருக்க வேண்டும், பில் வந்த தேதியாக அல்ல.

"பி.ஓ.வுல எழுதலையேங்கண்ணா, இந்தத் தடவை மில்லுல ஒத்துக்குவாங்களா?" என்றான். எடையில் குறைந்த 9 கிலோவுக்கு ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், எடைச் சீட்டு இருக்கிறது. ஈரத்தில் போன 12 கிலோவுக்கு சோதனைச் சீட்டோடு கேட்டுப் பார்க்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது என்றேன். குறையும் 21 கிலோவுக்கு உடனே இன்னொரு இண்டென்ட் வேண்டும். அதில் பழைய இண்டென்ட் எண்ணையும் எழுதச் சொன்னேன், அந்தச் செலவும் இதே ஆர்டரின் தலையில்தான் ஏற வேண்டும். தம்பி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். முதலில் எழுதியது இருப்புக் கட்டத்தை.