கீழிருந்து ஏறும் உப்பு

நாகப்பட்டினம் மாவட்டக் கடைமடையில், சம்பா அறுத்துக் காலியாகக் கிடக்கும் வயல்களில் பங்குனி, சித்திரை மாதங்களில் வெள்ளையாக உவர் பூப்பதைப் பார்க்கலாம். வாய்க்கால் வழியே கடல்நீர் ஏறியதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஏறுவதும் உண்டு. ஆனால் கடல்நீர் ஒரு சொட்டுக்கூட வயலுக்குள் வராமலே உவர் பூக்கும். அதற்கு ஒரு மீட்டர் ஆழத்தில் உப்புத்தண்ணீர் நின்றாலே போதும்.

விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண் துகள்களின் இடுக்கு வழியே நீர் மேலேறுகிறது. மேலே வந்ததும் வெயில் நீரை மட்டும் கொண்டுபோகிறது, உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. இடுக்கு நுண்ணியதாக இருந்தால் நீர் உயரமாக ஏறும். ஆனால் மெதுவாகத்தான் ஏறும். எவ்வளவு உயரம் ஏறும் என்பதைவிட, நாளொன்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் ஏறும் என்பதே நமக்கு வேண்டிய கணக்கு.

அமெரிக்க மண் இயற்பியலாளர் கார்ட்னர் 1958இல் இதற்கொரு எளிய வழி காட்டினார். களிமண்ணுக்குப் பொதுவாகப் பொருந்தும் வடிவம் இது:

E = 2.46 × a / d²

E என்பது ஒரு நாளில் மேலேறக்கூடிய அதிகபட்ச நீர். d என்பது நீர்மட்டத்தின் ஆழம். இரண்டையும் சென்டிமீட்டரில் எடுக்க வேண்டும். a என்பது அந்த மண்ணுக்கே உரிய எண். ஆழம் இருமடங்கானால் ஏற்றம் பாதியாகக் குறைவதில்லை, கால்பங்காகிவிடுகிறது. வண்டல் கலந்த மண்ணில் d³ என்று வரும். அங்கே எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். அதன் a 400 என்று வைப்போம். துளையிட்ட பி.வி.சி. குழாயை மண்ணில் இறக்கி, மாதந்தோறும் நீர்மட்டத்தை அளக்கிறோம். அறுவடைக்குப் பிந்தைய முதல் மாதம் 80, அடுத்து 100, பிறகு 140, கடைசியில் 180 சென்டிமீட்டர். சூத்திரத்தில் போட்டால் முதல் மாதம் 46 மில்லிமீட்டர் நீர் ஏறுகிறது. அடுத்த மூன்று மாதங்களில் 30, 15, 9. மொத்தம் 100 மில்லிமீட்டர். உவர் கண்ணுக்குத் தெரிவது கடும் கோடையில். ஆனால் ஏறக்குறைய பாதி நீர் ஏறியது அறுவடை முடிந்த முதல் மாதத்தில்.

நிலத்தடி நீரின் இ.சி. 8 என்றால் ஒரு லிட்டரில் சுமார் 5 கிராம் உப்பு இருக்கும். 100 மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 100 லிட்டர். அப்படியானால் ஒரு சதுர மீட்டரில் அரைக்கிலோ, ஏக்கருக்கு 2 டன் உப்பு வந்து சேர்கிறது. அது மேல் 30 சென்டிமீட்டரில் பரவினால், அந்த மண்ணின் செறிவுச்சாற்றில் இ.சி. ஏறத்தாழ 3.7 கூடும். முன்பே 1.5 இருந்த வயல் 5.2ஐத் தொடும். நெல் தாங்குவது 3 வரைதான். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 12 சதவீத விளைச்சல் போகும் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. இந்த உப்பு கழுவப்படாமல் அடுத்த நடவு வந்தால் கால்பங்கு மகசூல் போய்விடும்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஏற்றம் ஒரே சீராக நடப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அறுவடையானதும் மண்ணில் ஏற்கெனவே இருந்த ஈரம்தான் முதலில் ஆவியாகும். மேல்மண் நன்றாகக் காய்ந்தபின் நீர் ஆவியாக மட்டுமே கடக்க முடியும், அப்போது ஏற்றம் குறைகிறது. களிமண் வெடித்துப் பிளந்தால் கணக்கு மேலும் தவறும். வயலில் பயிர் இருந்தாலோ நிலைமை வேறு. வேர் 40 சென்டிமீட்டர் இறங்கினால் d 100 அல்ல, 60 ஆகிவிடும். ஏற்றம் நாளுக்கு 1 மில்லிமீட்டரிலிருந்து 2.7 ஆகும்.

ஆகவே மண்ணிடமே கேட்பது நல்லது. அறுவடை முடிந்ததும் ஒருமுறை, மழைக்கு முன் மறுமுறை, 0–15, 15–30, 30–60 சென்டிமீட்டர் அடுக்குகளில் மண் எடுத்து உப்பை அளக்க வேண்டும். கூடிய உப்பை நிலத்தடி நீரின் உப்புச்செறிவால் வகுத்தால், உண்மையில் ஏறிய நீர் கிடைக்கும். அதிலிருந்து உங்கள் மண்ணுக்கான a எண்ணையும் திருத்திக்கொள்ளலாம். மேல் 5 சென்டிமீட்டரை மட்டும் சுரண்டிச் சோதித்தால் உப்பு மிகையாகத் தெரியும், கவனம்.

வைக்கோலை முழுவதும் அள்ளிவிடாமல் பரப்புவதும், மேலாக உழுது நுண்புழைத் தொடர்பை அறுப்பதும் அறுவடையான முதல் வாரங்களிலேயே நடக்க வேண்டும். சித்திரையில் உழுதால் உப்பின் பெரும்பகுதி அதற்குள் மேலே வந்திருக்கும். மழைக்காலத்தில் 30 சென்டிமீட்டர் நீரைத் தேக்கி இறக்கினால் அதே ஆழத்து மண்ணிலுள்ள உப்பில் சுமார் 80 சதவீதம் கழுவப்படும். ஆனால் வடிகால் தூர்ந்து கிடந்தால் அந்த உப்பு நீர்மட்டத்தோடு சேர்ந்து, அடுத்த கோடையில் திரும்ப மேலேறும். கடைமடையில் பாசன வாய்க்காலுக்கு முன்பாக வடிகாலைத்தான் தூர்வார வேண்டும்.