புள்ளிகளால் ஒரு முகம்

செய்தித்தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சான ஒரு முகத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்குவீர்களாயின், அங்கே சாம்பல் நிறம் என்று ஒன்று இல்லை என்பதைக் காண்பீர்கள். கறுப்பு மையும் வெள்ளைத் தாளுமே உள்ளன. அச்சின் வழக்கமான முறையில் புள்ளிகளின் இடைவெளி மாறுவதில்லை; பருமனே மாறுகின்றது. கையாற் புள்ளிச் சித்திரம் வரைபவர் பெரும்பாலும் இதற்கு மறுதலையாகச் செய்கிறார். புள்ளியின் பருமனை ஒன்றாக வைத்து, இடைவெளியை மாற்றுகிறார். நியூயோர்க்கின் 'வோல் ஸ்றீற் ஜேர்னல்' பத்திரிகைக்காகக் கெவின் ஸ்பிரவுல்ஸ் என்னும் ஓவியர் 1979ஆம் ஆண்டில் வகுத்த சிறு முகச் சித்திரங்களும் புள்ளிகளாலும் நுண்கோடுகளாலும் ஆனவையே.

சாளரத்தின் அருகில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியின் புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். வெளிச்சம் படத்தின் இடப்புறமிருந்து வருகின்றது. முகம் 12 சென்ரிமீற்றர் உயரமும் 8 சென்ரிமீற்றர் அகலமும் உடையதாக வரையப்பட வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, அந்த அளவுக்கே பெருப்பித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, கண், மூக்கு, வாய் ஆகியவற்றை மட்டுமன்றி, நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதையும் மென்கோட்டாற் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் அதனை வழவழப்பான தடித்த தாளில் பென்சிலால் மெல்லப் பிரதி செய்துகொள்ளலாம்.

பேனாவின் முனை 0.3 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். ஒரு சதுர சென்ரிமீற்றரில் பத்திலொரு பங்கு கறுப்பாக வேண்டுமாயின் ஏறத்தாழ 140 புள்ளிகள் வேண்டும். காற்பங்குக்கு 350, அரைப்பங்குக்கு 700. இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இடைவெளியைப் பாதியாகக் குறைத்தால் புள்ளிகள் இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகின்றன. முனையின் விட்டத்தை இருமடங்காக்கினாலும் ஒவ்வொரு புள்ளியும் நான்கு மடங்கு இடத்தை மூடும். ஆதலால், 'இன்னும் சற்று நெருக்குவோம்' என்று எண்ணிய இடம் கணப்பொழுதில் கறுத்துவிடும். முகத்தைத் தொடுமுன் வேறொரு தாளில் ஐந்து சிறு கட்டங்கள் வரைந்து, வெண்மை முதற் கருமை வரை படிப்படியாகப் புள்ளியிட்டுப் பாருங்கள். அந்தத் தாள் வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருக்கட்டும்.

மிகக் கரிய இடங்களிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கண்மணியும், நாசித் துவாரமும், வலப்புறத் தாடையின் கீழ் நிழலும் முதலில் அமைந்துவிட்டால், மற்றைய சாயல்களை அவற்றோடு ஒப்பிட்டு நிறுத்தலாம். கண்மணிக்கு மட்டும் 0.5 முனையைக் கொள்ளலாம். அங்குள்ள ஒளிப்பொட்டைத் தொடாமல் வெறுந்தாளாகவே விட்டுவிட வேண்டும். நெற்றிச் சுருக்கங்களைக் கோடுகளாக இழுத்துவிடும் ஆசை எழும். அடங்குங்கள்! சுருக்கம் என்பது ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் சட்டென்று கலைந்துபோகும் புள்ளிக் கூட்டமேயாகும்.

இடக்கன்னம் வெளிச்சத்திற் கரைந்து தாளோடு ஒன்றாகி நிற்கும். அதன் எல்லையைக் காட்டுவது எவ்வாறு? கன்னத்திற்குப் புள்ளியிடாமல், அதன் பின்னாலுள்ள சுவருக்கு இடுங்கள். சுவர் சிறிதே கறுக்கக் கன்னம் தானாக முன்வரும். வெளிக்கோடு வேண்டியதில்லை.

இனி, பிழைகள். பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துத் தொட்டு எடுக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் புள்ளிக்கு வால் முளைத்துவிடும். கை களைத்து வேகம் கூடும்போதும் அவ்வாறே நேரும். வால்கள் தோன்றினால் எழுந்து சற்று உலாவிவிட்டு வாருங்கள். புள்ளிகள் வரிசையாக விழுந்தாலோ கண் அவற்றைக் கோடாக வாசிக்கும். கையெட்டும் தூரத்தில் படத்தை நிறுத்தி, கண்ணை இடுக்கிப் பார்த்தால் இக்குறை தென்படும். நிழலில் சிறு வெள்ளைத் திட்டுகள் இருப்பின், அவற்றின் நடுவே ஒவ்வொரு புள்ளி வைத்தாற் போதும். மிகையாக இட்ட புள்ளியை இறப்பர் அழிக்காது. தடித்த தாளாயின் கூரிய அலகால் மெல்லச் சுரண்டலாம். ஆயினும் சுரண்டிய இடத்தில் மை ஊறிப் பரவும் என்பதால் மீண்டும் அங்கே புள்ளியிடுதல் கடினம். ஆகவே எங்கும் வேண்டியதிற் சற்றுக் குறைவாகவே இட்டுச் செல்லுங்கள்.

நாம் எடுத்துக்கொண்ட முகம் ஏறத்தாழ 75 சதுர சென்ரிமீற்றர். சராசரியாகக் காற்பங்கு கறுப்பு எனின் இருபத்தாறாயிரம் புள்ளிகள் ஆகின்றன. வினாடிக்கு இரண்டாக இட்டாலும் மூன்றரை மணி நேரத்துக்கு மேலாகும். ஒரே இருப்பில் முடிக்க முயல வேண்டாம்.

மை நன்கு உலர்ந்த பின்னரே பென்சிற் கோடுகளை அழித்தல் வேண்டும். சித்திரம் சஞ்சிகையிற் பாதியளவாகச் சிறுத்து அச்சேறப் போகின்றதெனில், நிழலின் நெருக்கத்தை முன்கூட்டியே தளர்த்தி வையுங்கள். சிறுத்த படத்தில் நெருங்கிய புள்ளிகள் மையாற் கூடி ஒரே கறையாகிவிடும்.