ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே அரை மீட்டர்

காகித குடோனில் சரக்கு குவியும் நாட்களில் முதலில் பறிபோவது, கூரைக்கும் அடுக்குக்கும் நடுவில் உள்ள காலி இடம்தான்.

ஸ்பிரிங்க்ளர் தலையில் உள்ள சிவப்புக் கண்ணாடிக் குமிழ் சுமார் 68 டிகிரி வெப்பத்தில் உடையும். பாய்ந்து வரும் தண்ணீர் ஒரு பல்சக்கரத் தகட்டில் மோதி, குடைபோல விரியும். விரிய இடம் வேண்டும். பெட்டிகள் தகட்டை நெருங்கினால் தண்ணீர் அருகிலுள்ள பெட்டிகளின் தலையில் மட்டும் கொட்டும். இரண்டு வரிசை தள்ளி எரிவது எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 13 விதி, சாதாரண ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே 18 அங்குல இடைவெளி கேட்கிறது. உயர அடுக்குகளுக்கான இ.எஸ்.எஃப்.ஆர். வகைக்கு 36 அங்குலம்.

ஒரு கணக்கு போடலாம். தகடு தரையிலிருந்து 5.5 மீட்டரில் இருக்கிறது. எளிமைக்காக அரை மீட்டர் விட்டால், 5 மீட்டர் வரை அடுக்கலாம். பேலட்டோடு சேர்த்து ஒரு அட்டைக்கட்டு 1.5 மீட்டர் என்றால் மூன்று தட்டு, அதாவது 4.5 மீட்டர். அதன்மேல் யாரோ பாதிக்கட்டு ஒன்றை ஏற்றிவிட்டால் உயரம் 5.25 ஆகிறது. மிஞ்சுவது வெறும் 25 சென்டிமீட்டர்.

இன்னொரு வரம்பும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. குழாயும் பம்பும் 3.6 மீட்டர் அடுக்குக்காக வடிவமைக்கப்பட்டிருந்தால், மேலே ஒரு மீட்டர் காலியாக இருந்தாலும் 4.5 மீட்டர் அடுக்கு தவறுதான். உயரம் கூடினால் நெருப்பின் வேகமும் கூடும்; தண்ணீர் போதாது. இரண்டு வரம்புகளில் எது குறைவோ, அந்த உயரத்தில் தூண்களில் சிவப்புக் கோடு போட வேண்டும்.

குவிந்த அட்டை எப்படி எரியும் என்பதற்கு, ஜப்பானின் மியோஷியில் 2017 பிப்ரவரியில் அஸ்குல் நிறுவனக் கிடங்கில் நடந்தது சாட்சி. கழிவு அட்டை வைத்திருந்த இடத்தில் தொடங்கிய தீயை முழுவதும் அணைக்க 12 நாட்கள் ஆயின.

அட்டையின் உள்ளே கனன்றால் வெளியே மெல்லிய புகைதான் தெரியும். ஆகவே குடோன் மூடிய பிறகும் ஒருவர் சுற்றி வர வேண்டும். அன்று வெல்டிங் நடந்திருந்தால், வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது அந்த இடத்தையும் சுவரின் மறுபக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்க ஆள் தேவை. அவருக்கு வேறு வேலை தரக் கூடாது. மற்ற நாட்களில் சார்ஜர் இணைப்பு, கழிவு அட்டை மூலை, தீக்கதவு, ஸ்பிரிங்க்ளரின் பிரதான வால்வு ஆகியவற்றைப் பார்த்து, நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். பழுது பார்க்க மூடிய வால்வு அப்படியே கிடந்தால், ஸ்பிரிங்க்ளர் இருந்தும் பயனில்லை.

புகையோ கருகல் வாடையோ தெரிந்தால் முதலில் 101-க்கு அழைக்க வேண்டும். ஸ்பிரிங்க்ளர் திறந்துவிட்டால், சரக்கு நனைகிறதே என்று வால்வை மூடக் கூடாது. தீ அணைந்தது என்று தீயணைப்பு அதிகாரி சொன்ன பிறகே மூடலாம். இதை வாட்ச்மேனிடம் இன்றே சொல்லி வையுங்கள்.