ஆண்டுக்கணக்கில் வாசித்தும் கை ஏன் முன்னேறுவதில்லை? பாலக்காட்டு மிருதங்கம் தரும் விளக்கம்

பாலக்காடு: எருத்தேன்பதி உள்ளிட்ட ஊர்களைக் கொண்ட சித்தூர் வட்டம் தமிழ் பேசும் எல்லைப் பகுதி. அது அமைந்துள்ள பாலக்காடு மாவட்டத்தின் பெயர், கர்நாடக இசையுலகில் மிருதங்கத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அதற்கு முதற் காரணம் 1912-இல் பிறந்த பாலக்காடு மணி ஐயர். சாத்தபுரம் சுப்பையரிடம் தொடக்கப் பாடம் கற்ற அவர், சிறுவயதிலேயே செம்பை வைத்தியநாத பாகவதருக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பெயர் பெற்றார். மேடை கிடைத்துவிட்ட பிறகும், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் மாணவராக மீண்டும் அமர்ந்தார். 1966-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர் அவரே.

கச்சேரி வாய்ப்புள்ளவர் எதற்காக மீண்டும் பாடம் கேட்க வேண்டும்? பஜனை மடங்களிலும் உற்சவங்களிலும் இருபது ஆண்டுகள் வாசித்தும் அதே நிலையில் நிற்பவர்களைக் கவனித்தால் காரணம் விளங்கும். ஓரளவு தேர்ச்சி வந்ததும், கை எண்ணத்தின் உதவியின்றித் தானே இயங்கத் தொடங்குகிறது. அது வசதியான நிலைதான். ஆனால் அதன்பின் பிழைகளும் தாமாகவே நிகழ்கின்றன. பாட்டின் ஒலி அவற்றை மறைக்கிறது, கூட்டம் கை தட்டுகிறது, எவரும் சுட்டிக்காட்டுவதில்லை. கச்சேரியின் நடுவே நிறுத்தித் தவறிய இடத்தைத் திரும்ப வாசிக்கவும் வழியில்லை. எனவே அனுபவம் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள பழக்கத்தையே உறுதிப்படுத்துகிறது.

திட்டமிட்ட பயிற்சி இதற்கு நேர்மாறானது. ஓர் எளிய தீர்மானத்தை எடுத்துக்கொள்வோம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கைகள். ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரைகள் என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. ‘ததிகிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை இடைவெளியின்றி மூன்று முறை வாசித்தால் 15 மாத்திரைகள். அது முடிந்ததும் அடுத்த தட்டு சமத்தில் விழ வேண்டுமானால், 17 மாத்திரைகளை விட்டு, ஐந்தாம் எண்ணிக்கையின் இரண்டாவது மாத்திரையில் எடுக்க வேண்டும்.

பழகிய கை இதை வேகமாக வாசித்துவிடும். சமம் வந்துவிட்டதாகவும் தோன்றும். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் மட்டுமே குறை வெளிப்படும். பெரும்பாலும் முதல் சொல்லிலிருந்து இரண்டாவதற்கு மாறும் இடத்தில் கை முந்துகிறது. கடைசிச் சொல்லை இழுத்து அந்தக் குறை சரிக்கட்டப்படுகிறது. முழுத் தீர்மானத்தையும் நூறு முறை வாசித்தால் இந்தப் பிழையும் நூறு முறை பழகிப்போகும். தேர்ந்தவர் அங்கே நிறுத்துவார். கையால் தாளம் போட்டு, சொற்கட்டை வாயால் சொல்லிப் பார்ப்பார். வாயிலும் முந்தினால் குறை கணக்கில். வாயில் சரியாக வந்து கையில் தவறினால் குறை விரல்களில். பிறகு முதற்காலத்தில், அந்த மாறும் இடத்தை மட்டும் தனியே எடுத்து, சீரான பின்னரே வேகத்தைக் கூட்டுவார். மூன்று காலங்களிலும் பாடம் எடுக்கும் பழைய முறையின் பயன் இதுதான். மெதுவான காலத்தில் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. (அக்காலத்தில் பதிவுக் கருவியின் வேலையைக் குருவின் காது செய்தது.)

இந்த வேறுபாட்டை ஆய்வுக்கு உட்படுத்தியவர் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன். பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி அவரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை. மிகச் சிறந்தோர், நல்லோர், ஆசிரியர் பணிக்குப் பயில்வோர் ஆகிய மூன்று பிரிவினரும் இசையோடு கழித்த மொத்த நேரம் ஏறத்தாழ ஒன்றே. தனியே அமர்ந்து செய்த பயிற்சியில்தான் வேறுபாடு: முதலிரு பிரிவினர் வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம், மூன்றாம் பிரிவினர் சுமார் 9 மணி நேரம்.

இதிலிருந்தே ‘10 ஆயிரம் மணி நேரம்’ என்ற சூத்திரம் பரவியது. 20 வயதுக்குள் சிறந்த மாணவர்கள் சேர்த்த சராசரி அது. பாதிப் பேர் அதை எட்டவேயில்லை என்று எரிக்சனே பின்னர் மறுத்தார். எப்படிப் பழகினார்கள் என்பதை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் எண்ணும் போக்கு அவர் ஆய்வையே திரித்துவிடுகிறது.

பயிற்சிக்கும் எல்லை உண்டு. 2019-இல் புரூக் மெக்நமாரா, மேகா மைத்ரா ஆகியோர் இந்த ஆய்வை மீண்டும் செய்தனர். சாதாரண மாணவர்கள் குறைவாகவே பழகியிருந்தனர். ஆனால் நல்லோரும் மிகச் சிறந்தோரும் 20 வயதுக்குள் ஏறத்தாழ 11 ஆயிரம் மணி நேரம் என ஒரே அளவில் நின்றனர். நல்லோரிலிருந்து மிகச் சிறந்தோரைப் பிரித்தது எது என்பதற்குப் பயிற்சி நேரக் கணக்கில் விடை கிடைக்கவில்லை.