இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பாடம்

வகுப்பில் லேப்டாப்பில் அடித்த நோட்ஸ் பெரும்பாலும் ஆசிரியர் பேசியதன் நகலாகவே இருக்கும். விரல்கள் வேகமாக ஓடுவதால், எதை விடலாம் என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் வருவதில்லை. அதைச் சீராக்க, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1950-களில் வால்டர் பாக் வகுத்த தாள் அமைப்பு உதவும். வலது பக்கம் அகலமான குறிப்புப் பத்தி, இடது பக்கம் ஒடுங்கிய கேள்விப் பத்தி, அடியில் சுருக்கத்துக்கு ஒரு பட்டை.

கணினியில் 2 பத்தி, 2 வரிசை கொண்ட அட்டவணை போடுங்கள். ஏ4 தாளில் ஓரங்கள் 2 செ.மீ. போக 17 செ.மீ. மிஞ்சும். இடது பக்கத்துக்கு 5, வலது பக்கத்துக்கு 12 கொடுங்கள். கீழ் வரிசையின் இரு கட்டங்களையும் Merge Cells மூலம் ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி அட்டவணை வேண்டும். ஒரே அட்டவணையை நீளவிட்டால் சுருக்கம் எங்கோ கடைசிப் பக்கத்தில் போய் நிற்கும்.

இனிதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய நோட்ஸை அப்படியே வலது பக்கம் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எழுத்து இடம் மாறியதே தவிர, மண்டையில் எதுவும் ஏறவில்லை.

ரத்தச் சர்க்கரை பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். அடித்த நோட்ஸில் கணையம், பீட்டா செல், இன்சுலின், ஆல்ஃபா செல், குளுக்ககான், கல்லீரல் எல்லாம் ஆசிரியர் சொன்ன வரிசையில் கலந்து கிடக்கும். வலது பக்கம் அவற்றை ‘சாப்பிட்ட பிறகு’, ‘பசியில்’ என இரண்டாகப் பிரித்துச் சிறு வரிகளாக எழுதுங்கள். சாப்பிட்ட பிறகு இன்சுலின் சுரக்கிறது, கல்லீரல் குளுக்கோஸை கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. பசியில் குளுக்ககான் சுரக்கிறது, அந்தக் கிளைக்கோஜன் உடைந்து மீண்டும் குளுக்கோஸாகிறது.

இடது பக்கத்தில் ‘இன்சுலின்’ என்று தலைப்பு எழுதினால் பயனில்லை. அது உங்களிடம் எதையும் கேட்பதில்லை. ‘சாப்பிட்டதும் ஏறிய சர்க்கரையை உடல் எங்கே சேர்த்து வைக்கிறது?’ என்று கேளுங்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடிந்தால் அந்தக் கேள்வியை மாற்றுங்கள்.

அடிப்பட்டையை மேலே பார்க்காமல் எழுத வேண்டும். ‘இரண்டு ஹார்மோன்கள் எதிரெதிராக வேலை செய்து ரத்தச் சர்க்கரையை ஒரு வரம்புக்குள் வைக்கின்றன, கல்லீரல்தான் கிடங்கு.’ இவ்வளவு போதும். எழுத வரவில்லையென்றால் வலது பக்கம் இன்னும் உங்களுடையதாகவில்லை.

நீண்ட கணக்குகளுக்கும் நிறுவல்களுக்கும் இந்த அமைப்பு அவ்வளவாகப் பொருந்தாது. அவற்றைத் தனித்தாளில் முழுதாகப் போட்டுப் பார்ப்பதே சரி.

மறுநாள் காலை வலது பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். பதில் வராத கேள்விக்குப் பக்கத்தில் புள்ளி வையுங்கள். அன்று படிக்க வேண்டியது அந்தப் புள்ளி வைத்த இடங்களை மட்டும்தான்.