காய்ச்சலும் நொண்டலும்: குழந்தையின் எலும்பில் சீழைக் கண்டறியும் எம்.ஆர்.ஐ.

குழந்தைகளின் எலும்பில் ஏற்படும் கிருமித் தொற்று பெரும்பாலும் இரத்தத்தின் வழியாக வருகிறது. தோலிலோ தொண்டையிலோ இருந்து இரத்தத்தில் கலக்கும் பாக்டீரியா, நீண்ட எலும்புகளின் முனைக்குச் சற்று உள்ளே, வளர்ச்சித் தட்டை ஒட்டிய பகுதியில் தங்கிவிடுகிறது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வளைந்து திரும்புவதால் இரத்த ஓட்டம் மந்தமாக இருப்பதே காரணம். தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. பெரும்பாலும் இதற்குக் காரணம் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா.

தொற்று தொடங்கியதும் மஜ்ஜையில் நீர் கோத்து வீக்கம் உண்டாகிறது. எலும்பின் சுவர் விரிந்து கொடுக்காது என்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. குழந்தை காலை ஊன்றத் தயங்குவதும் நொண்டுவதும் இந்த வலியால்தான். சில நாட்களில் சீழ் சேர்ந்து, எலும்பின் வெளிச்சுவரைத் துளைத்து, எலும்பைப் போர்த்தியிருக்கும் உறைக்கு அடியில் கட்டியாகத் தேங்கலாம். குழந்தைகளுக்கு இந்த உறை எலும்போடு இறுக ஒட்டியிராததால் எளிதில் பிரிந்துவிடுகிறது. உறை பிரிந்தால் எலும்புக்குக் கிடைக்கும் இரத்தமும் குறைகிறது.

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் மாற்றம் தெரிய 10 முதல் 14 நாட்கள் ஆகலாம். எனவே முதல் வாரத்தில் எக்ஸ்ரே நன்றாக இருப்பது தொற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. மஜ்ஜையில் நீர் கூடுவதை எம்.ஆர்.ஐ. ஓரிரு நாட்களிலேயே காட்டிவிடும்.

மருத்துவர்கள் வழக்கமாகக் காணும் ஒரு நிலையை எடுத்துக்கொள்ளலாம். 7 வயதுச் சிறுவனுக்கு 4 நாட்களாக 102 டிகிரி காய்ச்சல், வலது முழங்காலுக்குச் சற்று மேலே அழுத்தினால் வலி, நொண்டி நடக்கிறான். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை லிட்டருக்கு 90 மில்லிகிராம். இயல்பாக அது 10-க்குள் இருக்கும். எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை.

எம்.ஆர்.ஐ.யில் ஒரே இடம் பல முறைகளில் படமாக்கப்படுகிறது. டி1 வகைப் படத்தில் கொழுப்பு வெண்மையாகவும் நீர் கருமையாகவும் தெரியும். சிறுவனின் தொடை எலும்பின் கீழ்முனையில், வெண்மையாக இருக்க வேண்டிய மஜ்ஜை அருகிலுள்ள தசையைவிடக் கருத்திருக்கிறது. கொழுப்பின் ஒளியை அடக்கும் ஸ்டிர் வகைப் படத்தில் அதே இடம் பளிச்சென்று வெளுத்துள்ளது. கொழுப்பின் இடத்தை நீர் பிடித்திருக்கிறது என்பது இதன் பொருள்.

ஆனால் வீங்கிய மஜ்ஜை, சீழ் இரண்டுமே ஸ்டிர் படத்தில் வெண்மையாகத்தான் இருக்கும். இவற்றைப் பிரித்தறிய கேடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தி மீண்டும் படமெடுக்கிறார்கள். இரத்த ஓட்டமுள்ள திசு மருந்தை ஏற்று ஒளிரும். சீழுக்குள் இரத்தக் குழாய் இல்லாததால் கட்டியின் நடுப்பகுதி கருமையாகவே நிற்க, சுற்றியுள்ள விளிம்பு மட்டும் வளையமாக ஒளிரும். சிறுவனின் எலும்புக்குப் பின்புறம், உறைக்கு அடியில், 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு இப்படியொரு வளையம் தெரிகிறது. மஜ்ஜையிலோ அதற்குள் கருத்த பள்ளம் எதுவும் இல்லை. ஆக, மஜ்ஜையில் இருப்பது வீக்கம்; உறைக்கு அடியில் இருப்பது சீழ்க்கட்டி.

சிகிச்சை இந்த வேறுபாட்டைச் சார்ந்தது. வீக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் மருந்தே போதும். இந்த அளவு தேங்கிய சீழுக்குள் மருந்து சரியாகச் சென்று சேராது. எனவே அறுவை சிகிச்சையில் அதை வெளியேற்றி, எந்தக் கிருமி என்று கண்டறிய ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். பக்கத்து மூட்டுக்குள் சீழ் பரவியிருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேனில் பார்க்க வேண்டும். மூட்டில் சீழ் இருந்தால் குருத்தெலும்பு விரைவில் அரிக்கப்படும் என்பதால் அது அவசர நிலை.

மஜ்ஜை வீக்கம் தொற்றுக்கு மட்டுமே உரிய அடையாளம் அல்ல. அடிபட்ட எலும்பிலும் அது வரும். இரத்தப் புற்றுநோயும் யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயும்கூட ஏறத்தாழ இதே தோற்றம் தரலாம், காய்ச்சலும் சேர்ந்திருக்கலாம். சீழ்க்கட்டி தெளிவாகத் தெரிந்தால் தொற்றின் பக்கம் சான்று வலுக்கிறது. சந்தேகம் நீடித்தால் ஊசி மூலம் திசு எடுத்துப் பரிசோதிப்பதே முடிவான வழி.

ஸ்கேனுக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதால் சிறு குழந்தைகளுக்கு மயக்கமருந்து தேவைப்படலாம். ஸ்கேனுக்காகக் காத்திருக்கும்போது குழந்தையின் நிலை மோசமானால், இரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு மருந்தை உடனே தொடங்கிவிடுகிறார்கள். பின்னர் குணமாவதைக் காய்ச்சல், வலி, சி.ஆர்.பி. இவற்றைக் கொண்டே கணிக்கிறார்கள். தொற்று அடங்கிய பிறகும் மஜ்ஜை வீக்கம் பல வாரங்கள் படத்தில் தெரியும். சி.ஆர்.பி. குறையாமல் காய்ச்சல் நீடித்தால், வெளியேறாத சீழைத் தேடி மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுகிறது.